அடித்துவிட்ட மூன்று வாக்கியங்கள்



கடந்த ஞாயிறு, ஆகஸ்ட் 2ஆம் தேதி ஆராதனையில், மறைந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களுக்காக நான் வாசித்த அஞ்சலியைப் பற்றி உங்களில் சிலர் மனத்தாங்கல் அடைந்ததை அறிவேன். "ஊரே சொல்லுவதை ஐயா சொல்லாமல் விட்டுவிட்டாரே" என்று வாலிபர் சங்கப் பிள்ளைகள் ஆலய வாசலிலேயே கேட்டார்கள். நான்கு நிமிடத்தில் முடிந்த அந்த அஞ்சலியிலிருந்து எதையெல்லாம் நீக்கினேன், ஏன் நீக்கினேன் என்பதை இந்த வாரத் தியானத்தில் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜூலை 27, திங்கட்கிழமை இரவு அந்தச் செய்தி வந்தபோது நம்மில் எவரும் அதை அயலாருடைய மரணமாகக் கேட்கவில்லை. பாம்பன் பாலத்துக்கு அப்பால் பிறந்து, நம் இராமநாதபுரம் வீதிகளில் நடந்து படித்த பிள்ளை அவர். புதன்கிழமை அவருடைய உடல் மதுரையிலிருந்து ஹெலிகாப்டரில் மண்டபம் வந்து, அங்கிருந்து சாலை வழியே தீவுக்குள் போனது. சாலையோரம் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். என் கைப்பையில் செவ்வாய் இரவே எழுதி முடித்திருந்த அஞ்சலி இருந்தது. இரண்டு பக்கம். அழகாக எழுதியிருக்கிறேன் என்றே எண்ணியிருந்தேன்.

அன்று மாலை அதை நம் சபை மூப்பர் ஒருவரிடம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியரிடம், படித்துப் பார்க்கக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தவர், மூன்று இடங்களில் பென்சிலால் கோடிட்டுத் திருப்பித் தந்தார். "ஐயா, இந்த மூன்றும் உங்களுக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

முதல் கோடு இந்த வாக்கியத்தின் கீழ் இருந்தது: தாம் இறந்தால் விடுமுறை விட வேண்டாம், தம்மை நேசிப்பவர்கள் ஒரு நாள் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று கலாம் சொல்லியிருந்தார். திங்கள் இரவு முதல் என் கைபேசிக்கு இது எத்தனை முறை வந்தது என்று எண்ணவில்லை. அவருடைய புன்னகைக்கும் உழைப்புக்கும் மிகவும் பொருத்தமாக இருந்தது. ஆனால் எந்த மேடையில், எந்த ஆண்டில், யாரிடம் சொன்னார் என்று தேடியபோது, ஒரு செய்தி இன்னொரு செய்தியைக் காட்டியதே தவிர, காதால் கேட்டேன் என்று சொல்லும் ஒரு மனிதரிடம் அது போய்ச் சேரவில்லை. அவர் சொல்லவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. அவர் சொன்னதாகப் பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல எனக்கு ஆதாரமில்லை, அவ்வளவுதான்.

அந்த வாக்கியம் யாருக்கும் தீங்கு செய்யாது என்று வாலிபர்கள் சொன்னார்கள். சற்று யோசித்துப் பாருங்கள். வியாழக்கிழமை, ஜூலை 30, அவர் அடக்கம் செய்யப்பட்ட நாளில், தமிழக அரசு விடுமுறை அறிவித்தது. நம் சபையின் மீன்பிடிக் குடும்பங்கள் அன்று படகை இறக்கவில்லை. அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீடுகள் அவை. ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டுத் துக்கம் அனுசரித்த அந்த மக்களுக்கு முன்னால் நின்று, "இப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் அவர் சொன்னார்" என்று வாசித்திருந்தால், இறந்தவருடைய வாயில் ஒரு கடிந்துகொள்ளுதலை வைத்து அதை அவருக்காக அழுதவர்கள்மேலேயே எறிந்திருப்பேன்.

இரண்டாவது கோடு எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது. "மீனவர் மகனாகப் பிறந்து" என்று தொடங்கியிருந்தேன். கடற்கரைச் சபையின் போதகனுக்கு இதைவிட இனிப்பான தொடக்கம் கிடைக்குமா? மேடைதோறும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். ஆனால் இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவரே தம் வாழ்க்கையை 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதிவைத்திருக்கிறார். தகப்பனார் ஜைனுலாப்தீன் பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். தென்னந்தோப்பிலிருந்து காய்களைத் தோளில் சுமந்து வந்தவர். யாத்திரிகரை இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டியவர். அந்தப் படகு கடற்கரையில் உருவாவதைச் சிறுவன் பார்த்துக்கொண்டிருந்ததும், பின்னர் ஒரு புயல் அதை அடித்துக்கொண்டு போனதும் அந்த நூலில் உண்டு. வலை வீசிய தகப்பனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

படகுக்காரரா மீனவரா என்பது பெரிய வேறுபாடா என்று கேட்கலாம். வெளியூரில் இருப்பவருக்கு இல்லாமல் இருக்கலாம். தோணி ஓட்டுகிறவருக்கும் வலை வீசுகிறவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கரையில் பிறந்த குழந்தையும் அறியும். அவரை நம்மவராக்கிக்கொள்ளும் ஆசையால் அவருடைய தகப்பனாரின் தொழிலையே நான் மாற்றி எழுதியிருந்தேன். ஒரு மனிதரைக் கனப்படுத்துகிறேன் என்று சொல்லி அவருடைய தகப்பனை மாற்றுவது என்ன கனம்?

மூன்றாவது வாக்கியம் எளிதில் விழுந்தது. அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 15ஐ ஐக்கிய நாடுகள் சபை உலக மாணவர் தினமாக அறிவித்தது என்று எழுதியிருந்தேன். பள்ளி மேடைகளில் பல ஆண்டுகளாகக் கேட்டது. ஐ.நா. சபை தான் கடைப்பிடிக்கும் தினங்களைப் பட்டியலாகவே வெளியிடுகிறது. அக்டோபர் 15க்கு நேராக அதில் இருப்பது கிராமப்புறப் பெண்களுக்கான சர்வதேச தினம். மாணவர் தினம் அங்கே இல்லை. ஆனால் ஜூலை 31 அன்று தமிழக அரசு, அக்டோபர் 15 இனி இளைஞர் எழுச்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என்று அறிவித்தது. இது அரசின் அறிவிப்பு, யாரும் சரிபார்க்கலாம். ஆகவே பழையதை அடித்து அந்த இடத்தில் இதை எழுதினேன். பெரிய பெயருள்ள சபை போய், நம் மாநில அரசு வந்தது. கேட்பதற்குச் சற்றுச் சிறியதாகத் தோன்றினாலும் உண்மையாக நடந்தது அதுவே.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நான் இதுவரை எழுத்தில் வைக்காத ஒன்றைச் சொல்லுகிறேன். என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், வேறொரு கடற்கரைச் சபையில் இருந்தேன். காற்று மிகுந்த ஒரு வார இறுதியில், ஒரு படகு கவிழ்ந்தது, அதில் போன நம் சபை வாலிபன் இறந்துபோனான் என்று ஞாயிறு காலை ஒருவர் வந்து சொன்னார். அவருக்கு இன்னொருவர் சொன்னாராம். நான் அந்தக் குடும்பத்தாரைத் தேடிப் போகவில்லை; மணி அடிக்கும் நேரமாகிவிட்டது. பொது ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி, துக்கத்திலிருக்கும் பெற்றோருக்கு ஆறுதல் தாரும் என்று ஜெபித்தேன். அவனுடைய தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

படகு கவிழ்ந்தது உண்மை. அவன் இறக்கவில்லை. வேறு படகுக்காரர் தூக்கியெடுத்து வேறு துறையில் இறக்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் வீடு வந்தான். எல்லாரும் கர்த்தரைத் துதித்தார்கள். அந்த மூன்று நாட்களை நான் அந்தத் தாய்க்கு எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? என்னை ஒரு வார்த்தைகூட அவர் கடிந்துகொள்ளவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குக் கனமாயிருக்கிறது.

நான் ஒருவனே இப்படித் தவறியவன் அல்லன். கலாம் அவர்கள் உயிரோடிருக்கும்போதே, மறைவுக்குச் சில நாட்களுக்கு முன், ஜார்க்கண்ட் மாநிலக் கல்வி அமைச்சர் ஒரு பள்ளி விழாவில் அவருடைய படத்துக்கு மாலையிட்டுத் திலகமிட்டார். மறைந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. பத்திரிகைகளில் அதைப் படித்து நாம் சிரித்தோம். நான் சற்றுக் குறைவாகவே சிரித்தேன்.

இனி வேதத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய மனிதரின் மரணச் செய்தி எப்படி வருகிறது, அதை எப்படி வாங்க வேண்டும் என்பதை அறிய, இரண்டாம் சாமுவேல் முதல் அதிகாரத்தைப் போல உதவும் பகுதி எனக்குத் தெரியாது. கில்போவா மலையில் சவுல் விழுந்த பின், தாவீது சிக்லாகுக்குத் திரும்பிவந்த மூன்றாம் நாள், கிழிந்த உடையும் தலையில் புழுதியுமாய் ஓர் அமலேக்கியன் சிக்லாகுக்கு வருகிறான். தாவீது அவனிடம் முதலில், எங்கிருந்து வருகிறாய் என்கிறான். பிறகு என்ன நடந்தது என்கிறான். அடுத்து, அவர்கள் இறந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறான். தலைமையாசிரியர் என்னிடம் கேட்டதும் இதையேதான்.

வந்தவனிடம் சவுலின் முடியும் அஸ்தகடகமும் இருந்தன. அவை உண்மையானவை. சவுல் இறந்ததும் உண்மை. ஆனால் தானே சவுலைக் கொன்றதாக அவன் சொன்ன விவரம், முந்தின அதிகாரம் சொல்லுவதோடு ஒத்துப்போவதில்லை. அங்கே சவுல் தன் பட்டயத்தின்மேல் தானே விழுகிறான். பரிசு கிடைக்கும் என்று எண்ணி அமலேக்கியன் ஒட்டவைத்த துண்டு அது என்றே வேதபண்டிதர் பலர் கருதுகின்றனர். முற்றிலும் பொய்யான செய்தியை நாம் எளிதில் விலக்கிவிடுவோம். உண்மையான முடியைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பொய்யைத்தான் கதவு திறந்து உள்ளே விடுகிறோம். கலாம் மறைந்தது உண்மை, அவர் எளிமையாக வாழ்ந்தது உண்மை; அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு மற்றவையும் உள்ளே வந்துவிடுகின்றன.

தாவீது அவனை நம்பியதாகவே தெரிகிறது. அவனுடைய வாய்மொழியை வைத்தே அவனைத் தண்டித்தான். ஆனாலும் அதற்குப்பின் பாடிய புலம்பலைக் கவனித்து வாசியுங்கள். அமலேக்கியன் சொன்ன விவரங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. சவுல் கடைசியாக என்ன சொன்னான், எப்படி நின்றான், யார் குத்தினது, ஒன்றும் இல்லை. சவுலும் யோனத்தானும் எப்படிப் போர் செய்தார்கள், சவுலின் ஆட்சியில் இஸ்ரவேலின் பெண்கள் என்ன உடுத்தினார்கள், யோனத்தான் தன்னை எவ்வளவு நேசித்தான் என்று, தாவீது கண்டதும் ஜனங்கள் அறிந்ததுமே இருக்கின்றன. சவுல் தன்மேல் ஈட்டி எறிந்ததையும் அவன் சொல்லவில்லை. அதே வேளையில், சவுல் தன்னிடம் அன்பாயிருந்தான் என்று பொய்யும் சொல்லவில்லை.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு என் அஞ்சலியைச் சனிக்கிழமை மறுபடியும் எழுதினேன். இரண்டு பக்கம் ஒன்றாகக் குறைந்தது. அதில் மிஞ்சியவற்றை, ஆராதனைக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறேன்.

கலாம் அவர்கள் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று இராமேஸ்வரத்தில் பிறந்தார். நம் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்தார். அங்கே தமக்குக் கற்பித்த அய்யாதுரை சாலமன் என்னும் ஆசிரியரைப் பெயர் சொல்லி நன்றியோடு எழுதினார். எதையும் சாதிக்க விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் கைவசப்படுத்த வேண்டும் என்று அந்த ஆசிரியர் கற்பித்ததைக் கடைசிவரை மறக்கவில்லை. தம் தகப்பனாருக்கும், இராமேஸ்வரம் கோவிலின் தலைமை அர்ச்சகராயிருந்த பட்சி லட்சுமண சாஸ்திரிகளுக்கும் இருந்த நட்பைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார்.

திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க இடம் தேவைப்பட்டபோது, அங்கிருந்த புனித மகதலேனா மரியாள் ஆலயமும் அதைச் சுற்றிய மீனவர் குடியிருப்பும் குறுக்கே நின்றன. விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சந்தித்துக் கேட்டார். ஆயர் தாமே முடிவெடுக்காமல் சபை மக்களிடம் கேட்டார், மக்கள் இணங்கினார்கள். அந்த ஆலயம் விஞ்ஞானிகளின் முதல் அலுவலகமாயிற்று. அங்கே பணிபுரிந்த இளம் பொறியாளர்களில் கலாமும் ஒருவர். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது. வழிபடும் இடத்தை விட்டுக்கொடுத்த அந்தக் கத்தோலிக்க மீனவ மக்களைப் பற்றி அவர் தம் நூல்களிலும் உரைகளிலும் சொல்லிவந்தார்.

இந்த இடத்தில் ஒரு சோதனை எனக்கு வந்தது. சுவார்ட்ஸ் பள்ளி, திருச்சி புனித வளனார் கல்லூரி, தும்பா ஆலயம் என்று மூன்றையும் அடுக்கினால், அவரைப் பாதிக் கிறிஸ்தவராகக் காட்டிவிடலாம். அவர் இஸ்லாமியராகப் பிறந்து, இஸ்லாமியராக வாழ்ந்து, பேய்க்கரும்பில் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டவர். நம் பள்ளி அவருக்குக் கல்வி கொடுத்தது. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதற்குமேல் உரிமை கொண்டாட நமக்கு ஒன்றும் இல்லை. அவரை ஷில்லாங்கில் கொண்டுபோய்ச் சேர்த்த மருத்துவமனையின் பெயர் பெத்தானி. லாசருவின் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டதும் உள்ளே இருக்கும் பிரசங்கி துள்ளினான். அவனையும் உட்கார வைத்தேன்.

கடைசி நாளைப் பற்றி அஞ்சலியில் சொன்னது இவ்வளவே. ஷில்லாங்கில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில், பூமியை வாழத்தக்கதாக வைத்திருப்பது பற்றி மாணவர்களிடம் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் மேடையில் சரிந்தார். அன்று மாலை 7.45 மணிக்கு மருத்துவர்கள் மரணத்தை உறுதி செய்தனர். அவருக்கு வயது 83. கடைசி வார்த்தை இதுதான் என்று விதவிதமாக வந்த செய்திகள் எதையும் சேர்க்கவில்லை.

ஆனால் ஒரு நிகழ்ச்சியைச் சேர்த்தேன். அன்று அவரோடு பயணம் செய்த உதவியாளர் சிருஜன் பால் சிங், மறுநாளே தம் பெயரோடு எழுதி வெளியிட்டது. அருகில் உட்கார்ந்திருந்தவர், கண்ணால் கண்டவர், பெயர் மறைக்காதவர்; ஆகவே ஏற்றுக்கொண்டேன். குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங்குக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரச் சாலைப் பயணம். முன்னால் சென்ற திறந்த வாகனத்தில் ஒரு காவலர் துப்பாக்கியோடு நின்றுகொண்டே வந்தார். அவர் ஏன் நிற்கிறார், களைத்துப்போவாரே, உட்காரச் சொல்லுங்கள் என்று கலாம் கேட்டார். வயர்லெஸ்ஸில் முயன்றார்கள், தொடர்பு கிடைக்கவில்லை. கையசைத்துச் சொல்லச் சொன்னார், அதுவும் பலிக்கவில்லை. ஷில்லாங் போய்ச் சேர்ந்ததும் அந்தக் காவலரைத் தேடி அழைத்துவரச் செய்து, கைகொடுத்து நன்றி சொல்லி, தம் பொருட்டு நிற்க நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவித்து, சாப்பிட ஏதாவது வேண்டுமா என்று விசாரித்தார். பின்பு உரையாற்றப் போனார்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, வாலிபர்கள் தங்கள் கேள்வியோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால், பாம்பனிலிருந்து பேருந்தில் வரும் மூதாட்டி ஒருவர் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து, "அந்தப் போலீசுக்காரப் பிள்ளை கடைசியில உட்கார்ந்துச்சா ஐயா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா. வழி முழுவதும் நின்றுகொண்டேதான் போனார்" என்றேன்.

"பாவம், கால் வலிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் பேருந்துக்கு நடந்தார்.